கடைசிப் பக்கத்துக் கடைசி வரி

வீட்டுக்கு வரும் நாளிதழில் நாம் எல்லோரும் படிக்காமல் விடும் வரி ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். இன்னாருக்காக இன்னார் அச்சிட்டு வெளியிடுகிறார், அச்சிட்ட இடம் இது, ஆசிரியர் இவர் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடும். பத்திரிகைக்காரர்கள் அதை இம்பிரிண்ட் என்பார்கள். 1867-ல் வெள்ளைக்காரர்கள் போட்ட அச்சகச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. அரசுக்குப் பிடிக்காத ஒன்று அச்சில் வந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டும் என்பதுதான் அன்றைய நோக்கம். இன்றைய வாசகருக்கு அதே வரி வேறொன்றுக்குப் பயன்படுகிறது. இந்தப் பத்திரிகை யாருடையது என்று தேடத் தொடங்குகிறவருக்கு முதல் படி அதுதான்.

தினமணியை எடுத்துக்கொள்வோம். 1934-ல் தொடங்கிய பத்திரிகை. எக்ஸ்பிரஸ் குழுமத்துப் பத்திரிகை என்று கேட்டவுடன் சொல்லிவிடுவோம். ஆனால் எந்த எக்ஸ்பிரஸ்? ராம்நாத் கோயங்கா 1991-ல் மறைந்த பிறகு குடும்பத்துக்குள் பாகம் பிரிந்தது. வடக்கத்திப் பதிப்புகள் ஒரு பக்கமும் தென்னிந்தியப் பதிப்புகள் இன்னொரு பக்கமும் போயின. டெல்லியில் ‘தி இந்தியன் எக்ஸ்பிரஸ்’, சென்னையில் ‘தி நியூ இந்தியன் எக்ஸ்பிரஸ்’ என்று இரண்டு பெயர்கள் இருப்பது அதனால்தான். இரண்டும் இப்போது வெவ்வேறு உரிமையாளர்களின் வெவ்வேறு கம்பெனிகள். ஒன்றின் தலையங்கத்துக்கு மற்றொன்று பொறுப்பில்லை. இவ்வளவு கதையையும் தெரிந்துகொள்ளாமலே ஒருவர் தினமணியின் இம்பிரிண்ட் வரியைப் பார்த்தால் போதும். அங்கே ‘எக்ஸ்பிரஸ் பப்ளிகேஷன்ஸ் (மதுரை)’ என்ற கம்பெனியின் பெயர் இருக்கும். நியூ இந்தியன் எக்ஸ்பிரஸிலும் அதே பெயர்தான். டெல்லிப் பத்திரிகையில் அது இருக்காது.

இந்த வரியில் ஒரு வழுக்கல் உண்டு. அச்சிட்டு வெளியிடுபவர் என்று போட்டிருக்கும் மனிதரை உரிமையாளர் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பெரிய பத்திரிகைகளில் அவர் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஊழியர். சட்டப்படி கையெழுத்துப் போடும் பொறுப்பு அவருடையது. நாம் தேட வேண்டிய பெயர் ‘சார்பாக’, ‘ஆக’, ‘உரிமையாளர்’ என்ற சொற்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதேபோல, பத்திரிகையின் தலைப்பும் கம்பெனியின் பெயரும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்கக் கூடாது. ‘தி இந்து’ ஆங்கில நாளிதழை டி.எச்.ஜி. பப்ளிஷிங் என்ற கம்பெனி வெளியிடுகிறது. ‘இந்து தமிழ் திசை’யை வெளியிடுவது கே.எஸ்.எல். மீடியா. இரண்டும் ஒரே குழுமம். ஆனாலும் வழக்குப் போட வேண்டும், விளம்பரப் பாக்கி வசூலிக்க வேண்டும் என்றால் எந்தக் கம்பெனி என்பது முக்கியம்.

நாளிதழுக்கு மட்டுமே உள்ள இன்னொரு வசதி, ஆண்டுக்கு ஒருமுறை மார்ச் மாதத் தொடக்கத்தில் வரும் ‘படிவம் 4’. பிப்ரவரி கடைசி நாளுக்குப் பிறகு வரும் முதல் இதழில் உரிமை விவரத்தை அச்சிட வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டு விதிகள் சொல்லின. ஒரு சிறிய கட்டத்துக்குள், வெளியாகும் இடம், அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் ஆகியோரின் பெயர், குடியுரிமை, முகவரி எல்லாம் இருக்கும். கடைசியாக வருவதுதான் நமக்கு வேண்டியது: மொத்த முதலீட்டில் ஒரு சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கும் பங்குதாரர்களின் பெயரும் முகவரியும். 1867 சட்டத்தின் இடத்துக்கு 2024 மார்ச் 1 முதல் புதிய சட்டம் வந்திருக்கிறது. டெல்லியில் ஆர்.என்.ஐ. என்று அழைக்கப்பட்ட பத்திரிகைப் பதிவாளர் அலுவலகம் இப்போது பி.ஆர்.ஜி.ஐ. ஆகிவிட்டது.

ஒரு சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர் ஒரு மனிதராக இருந்தால் தேடல் அங்கேயே முடிந்தது. பல நேரங்களில் அந்தக் கட்டத்துக்குள் இருப்பதும் ஒரு கம்பெனியின் பெயர்தான். அந்தக் கம்பெனி யாருடையது என்று படிவம் 4 சொல்லாது. அங்கிருந்து நாம் கம்பெனிப் பதிவாளரிடம் போக வேண்டும்.

மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத்துக்கு mca.gov.in என்று ஓர் இணையதளம் இருக்கிறது. அதில் கம்பெனியின் பெயரைக் கொடுத்துத் தேடினால் ஓர் அடிப்படை விவரப் பக்கம் வரும். பதிவான தேதி, பதிவு அலுவலக முகவரி, செலுத்தப்பட்ட மூலதனம், இயக்குநர்களின் பெயர்கள், சொத்தை அடமானமாகக் காட்டி வாங்கிய கடன்கள் ஆகியவை அதில் இருக்கும். இதற்குக் காசு கிடையாது. இந்தப் பக்கத்தின் உச்சியில் 21 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு அடையாளக் குறியீடு இருக்கும். அதைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதிக் கதை அதிலேயே கிடைத்துவிடும். சன் டி.வி. நெட்வொர்க்கின் குறியீடு இது:

L22110TN1985PLC012491

முதல் எழுத்து L என்றால் பங்குச் சந்தையில் பட்டியலான கம்பெனி. பட்டியலாகாததற்கு U என்று இருக்கும். TN என்பது பதிவான மாநிலம். 1985 என்பது கம்பெனி பிறந்த ஆண்டு. PLC என்றால் பப்ளிக் லிமிடெட். பிரைவேட் லிமிடெட் என்றால் PTC. கடைசி ஆறு எண்கள் பதிவு எண். இதில் இரண்டு விஷயங்கள் கண்ணில் உறுத்த வேண்டும். சன் டி.வி. ஒளிபரப்பு தொடங்கியது 1993 தமிழ்ப் புத்தாண்டு அன்று. கம்பெனி அதற்கு எட்டு ஆண்டுகள் மூத்ததாக எப்படி இருக்க முடியும்? அடுத்தது, 22-ல் தொடங்கும் அந்த ஐந்து எண்கள் தொழில் வகையைக் காட்டுபவை. பழைய வகைப்பாட்டில் 22 என்பது பதிப்பும் அச்சும். தொலைக்காட்சிக் கம்பெனிக்கு அச்சுத் தொழிலின் எண் எதற்கு? இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். அந்தக் கம்பெனி 1985-ல் ‘சுமங்கலி பப்ளிகேஷன்ஸ்’ என்ற பெயரில் பதிப்புக் கம்பெனியாகப் பிறந்தது. பிறகு பெயர் மாறியது, தொழில் மாறியது. குறியீட்டுக்குள் பழைய தொழிலின் எண் அப்படியே தங்கிவிட்டது.

பட்டியலான கம்பெனி என்றால் வேலை சுலபம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாரிடம் எவ்வளவு பங்கு இருக்கிறது என்று பங்குச் சந்தைக்குச் சொல்லியாக வேண்டும். மும்பை, தேசியப் பங்குச் சந்தைகளின் இணையதளங்களில் அந்தப் பட்டியலை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். சன் டி.வி. நெட்வொர்க்கின் பட்டியலில் கலாநிதி மாறனின் பெயருக்கு நேராக 75 சதவீதம் என்று இருக்கும். பட்டியலாகாத கம்பெனி என்றால், அது ஆண்டுதோறும் பதிவாளரிடம் தாக்கல் செய்யும் ஆவணங்களை நூறு ரூபாய் கட்டணம் கட்டிப் பார்க்க வேண்டும். அவற்றில் இரண்டு முக்கியம். MGT-7 என்ற ஆண்டறிக்கையில் பங்குதாரர் விவரம் இருக்கும். AOC-4 என்பதில் வரவு செலவுக் கணக்கும் இருப்புநிலைக் குறிப்பும் இருக்கும். தேடுகிறவர்களில் பெரும்பாலோர் முதலாவதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். உண்மையான விடை இரண்டாவதில் கிடக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. அப்படி ஒன்றைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

தொலைக்காட்சிக்கு இம்பிரிண்ட் வரி கிடையாது. திரையின் மூலையில் லோகோ இருக்கிறது. அது எந்தக் கம்பெனியின் பெயரையும் சொல்வதில்லை. அதனால் தேடலை மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் பட்டியலிலிருந்து தொடங்க வேண்டும். அனுமதி பெற்ற தனியார் செயற்கைக்கோள் சேனல்களின் பட்டியலை அமைச்சகம் mib.gov.in தளத்தில் வெளியிடுகிறது. சேனலின் பெயர், அனுமதி வாங்கிய கம்பெனியின் பெயர், செய்திச் சேனலா மற்றதா என்ற விவரம் அதில் வரும். அந்தப் பட்டியலில் முதன்முதலாகத் தேடுகிறவர் திகைத்துப்போவார். ஜெயா டி.வி.க்கு நேராக மேவிஸ் சாட்காம் என்றும், புதிய தலைமுறைக்கு நேராக நியூ ஜெனரேஷன் மீடியா கார்ப்பரேஷன் என்றும், தந்தி டி.வி.க்கு நேராக மெட்ரோநேஷன் சென்னை டெலிவிஷன் என்றும் இருக்கும்.

தினத்தந்தி குழுமத்துச் சேனலின் கம்பெனிக்கு ‘மெட்ரோநேஷன்’ என்று ஏன் பெயர்? 2009-ல் டெல்லியின் என்.டி.டி.வி.யும் சென்னையின் இந்துவும் சேர்ந்து ‘என்.டி.டி.வி. இந்து’ என்று ஓர் ஆங்கிலச் சேனலைத் தொடங்கின. நகரத்துக்கு ஒரு சேனல் என்ற எண்ணத்தில் வைத்த பெயர் மெட்ரோநேஷன். சேனல் நிலைக்கவில்லை. 2012-ல் தந்தி குழுமம் அந்தக் கம்பெனியையே வாங்கித் தமிழ்ச் செய்திச் சேனலாக்கியது. அனுமதியோடு இருக்கும் கம்பெனியை வாங்கிவிட்டால் புதிதாக அனுமதி கேட்டு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. நம் ஊர்ச் சேனல்கள் பலவற்றின் கம்பெனிப் பெயர் சேனலோடு ஒட்டாமல் இருப்பதற்கு இப்படிக் கைமாறியதும் ஒரு காரணம். பெயர் ஒட்டவில்லை என்றால் அதைச் சந்தேகத்துக்கான அடையாளமாக எடுத்துக்கொள்ளாமல், பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தேடுவது நல்லது.

விஜய் டி.வி.யின் கதையில் சேனலின் பெயரே நின்றுவிட்டது. 1990-களில் கோல்டன் ஈகிள் என்று தொடங்கிய சேனல் விஜய் மல்லையாவின் கைக்குப் போனபோது விஜய் ஆனது. அவர் கையை விட்டு யு.டி.வி.க்குப் போய், 2001-ல் ஸ்டாருக்குப் போன பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. ஸ்டாரின் முதலாளியாக ரூபர்ட் மர்டாக் இருந்தார். 2019-ல் அவருடைய தொழிலின் பெரும்பகுதியை டிஸ்னி வாங்கியபோது விஜய் டி.வி.யும் டிஸ்னியுடையது ஆனது. 2024 நவம்பரில் ரிலையன்ஸின் வயாகாம்18 நிறுவனத்தின் ஊடகத் தொழிலும் ஸ்டார் இந்தியாவும் இணைந்து ஜியோஸ்டார் உருவானது. அதில் ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸுக்கு 16.34 சதவீதம், வயாகாம்18-க்கு 46.82, டிஸ்னிக்கு 36.84 என்று அறிவித்தார்கள். பட்டியலை மேலோட்டமாகப் பார்க்கிறவருக்கு 46.82 வைத்திருக்கும் வயாகாம்18 பெரிய பங்குதாரர், டிஸ்னி இரண்டாவது, ரிலையன்ஸ் மூன்றாவது என்று தோன்றும். வயாகாம்18 ரிலையன்ஸின் கட்டுப்பாட்டில் இருக்கும் கம்பெனி. இரண்டையும் கூட்டினால் 63.16. ஆக, மூன்றாவதாகத் தெரிந்த பெயர்தான் முதலாளி.

இங்கே கூட்டலா பெருக்கலா என்று பலருக்கும் குழப்பம் வரும். ஒருவர் ஒரு கம்பெனியில் 51 சதவீதம் வைத்திருக்கிறார், அந்தக் கம்பெனி சேனலில் 51 சதவீதம் வைத்திருக்கிறது என்று வையுங்கள். லாபத்தில் அவருக்குச் சேருவது பெருக்கலில் வரும் சுமார் 26 சதவீதம்தான். ஆனால் சேனலின் கூட்டத்தில் வாக்களிக்கும்போது நடுவில் இருக்கும் கம்பெனியின் 51 சதவீத வாக்கும் அவர் சொன்னபடி விழும். யார் சேனலை நடத்துகிறார் என்று தேடும் நமக்கு வாக்குக் கணக்குத்தான் வேண்டும். கால்வாசி பங்கை வைத்து முழுச் சேனலையும் ஆளும் வித்தை இதுதான்.

இனி, இந்த எல்லாப் படிகளையும் ஒழுங்காக ஏறிய பிறகும் விடை கிடைக்காமல் போகும் ஒரு வழக்கைப் பார்க்கலாம். என்.டி.டி.வி.யையே எடுத்துக்கொள்வோம். பட்டியலான கம்பெனி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பங்குப் பட்டியல் வந்தது. நிறுவனர்கள் என்ற தலைப்பில் மூன்று பெயர்கள் இருந்தன: பிரணாய் ராய், ராதிகா ராய், ஆர்.ஆர்.பி.ஆர். ஹோல்டிங். மூவருக்கும் சேர்த்து 61.45 சதவீதம். அதில் ஆர்.ஆர்.பி.ஆர். என்ற கம்பெனியிடம் மட்டும் 29.18 சதவீதம் இருந்தது. அந்தப் பெயரே ராய் தம்பதியின் பெயர்களின் முதலெழுத்துகள்தான். அந்தக் கம்பெனியின் பங்குதாரர் யார் என்று பார்த்தால் அங்கேயும் அதே இருவர். தேடுகிறவர் இந்த இடத்தில் நோட்டை மூடிவைத்துவிடுவார். என்.டி.டி.வி. ராய் தம்பதியுடையது, இதில் சந்தேகத்துக்கு என்ன இருக்கிறது?

பங்குப் பட்டியலில் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. 2009 ஜூலையில் ஆர்.ஆர்.பி.ஆர்., விஸ்வபிரதான் கமர்ஷியல் என்ற யாரும் கேள்விப்படாத ஒரு கம்பெனியிடம் கடன் வாங்கியது. முன்பே வங்கியில் வாங்கியிருந்த கடனை அடைக்க இந்தக் கடன். இரண்டு தவணைகளில் மொத்தம் 403.85 கோடி ரூபாய். வட்டி கிடையாது. நானூறு கோடியை வட்டியில்லாமல் யாரும் கொடுப்பதில்லை. வட்டிக்குப் பதிலாக ஒப்பந்தத்தில் ஒரு வாரண்ட் இருந்தது. கடன் கொடுத்தவர் விரும்பும்போது அந்த வாரண்டை ஆர்.ஆர்.பி.ஆரின் பங்குகளாக மாற்றிக்கொள்ளலாம். மாற்றினால் அந்தக் கம்பெனியில் ஏறக்குறைய முழுப் பங்கும் அவருக்குப் போய்விடும். மாற்றாதவரை அவர் பங்குதாரர் இல்லை. பங்குதாரர் இல்லாததால் எந்தப் பங்குப் பட்டியலிலும் அவர் பெயர் வராது.

கடன் கொடுத்த விஸ்வபிரதானுக்கு அந்தப் பணம் ரிலையன்ஸ் குழுமத்தோடு தொடர்புள்ள கம்பெனிகள் வழியாக வந்தது. 2012-ல் விஸ்வபிரதான் வேறு கைகளுக்குப் போனது. 2015-ல் ‘தி கேரவன்’ போன்ற இதழ்கள் கம்பெனிப் பதிவாளரிடம் இருந்த ஆவணங்களைத் தோண்டி இதையெல்லாம் எழுதின. விஸ்வபிரதான் மறைமுகமாக என்.டி.டி.வி.யின் கட்டுப்பாட்டைப் பெற்றுவிட்டது என்று 2018-ல் பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி உத்தரவு போட்டது. 2022 ஜூலையில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த உத்தரவை ரத்து செய்தது. கடன் ஒப்பந்தம் இருப்பதாலேயே கட்டுப்பாடு வந்துவிடுமா என்பதில் அதிகாரம் படைத்த இரண்டு அமைப்புகளே இருவேறு விதமாகச் சொன்னதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

அடுத்த மாதமே அதற்கு விடை வந்தது. 2022 ஆகஸ்ட் 23 அன்று அதானி குழுமத்தின் ஏ.எம்.ஜி. மீடியா நெட்வொர்க்ஸ், விஸ்வபிரதான் கம்பெனியை 113.74 கோடி ரூபாய்க்கு வாங்கிவிட்டதாக அறிவித்தது. வாங்கிய அன்றே வாரண்டைப் பங்காக மாற்றக் கேட்டது. ஆர்.ஆர்.பி.ஆரின் 99.5 சதவீதம் அதனிடம் போகும். அதன் வழியாக என்.டி.டி.வி.யின் 29.18 சதவீதமும் போகும். தங்களிடம் எதுவும் பேசாமலே இது நடந்தது என்று என்.டி.டி.வி. தரப்பு சொன்னது. ஒப்பந்தப்படி பேச வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு பட்டியல் கம்பெனியில் 25 சதவீதத்தைத் தாண்டிப் பங்கு வாங்குகிறவர், பொதுமக்களிடமிருந்து மேலும் 26 சதவீதம் வாங்கிக்கொள்ள முன்வர வேண்டும் என்பது செபி விதி. அந்தப் பகிரங்க அழைப்பில் எட்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே கிடைத்தது. ராய் தம்பதியைவிட அதானி குழுமத்திடம் பங்கு கூடிப்போனது. டிசம்பர் கடைசியில் தம்பதி தங்களிடம் நேரடியாக இருந்ததில் 27.26 சதவீதத்தை விற்றுவிட்டார்கள். ஆண்டு முடியும்போது அதானியிடம் 64.71 சதவீதம் இருந்தது.

அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் ஒரு சாதாரண வாசகர் இதைக் கண்டுபிடித்திருக்க முடியுமா? முடியும் என்றுதான் சொல்வேன், அவர் ஆர்.ஆர்.பி.ஆரின் பங்குதாரர் பட்டியலோடு நிற்காமல் அதன் இருப்புநிலைக் குறிப்பையும் திறந்திருந்தால். சொந்தமாக வியாபாரம் எதுவும் இல்லாத, பங்கு வைத்திருப்பதற்காகவே உள்ள ஒரு கம்பெனி. அதன் கடன் பக்கத்தில் நானூறு கோடி. இந்த இரண்டும் சேர்ந்தால் அடுத்த கேள்வியைக் கேட்டாக வேண்டும்: திருப்பித் தர வருமானமே இல்லாத கம்பெனிக்கு இவ்வளவு பணத்தை எதை நம்பிக் கொடுத்தார்கள்? பங்கை நம்பித்தான் கொடுத்திருப்பார்கள். பதிவாளர் தளத்தில் இருக்கும் கடன் பட்டியலை மட்டும் பார்த்தால் போதாது. சொத்தை அடமானம் வைக்காத கடன் அதில் ஏறுவதில்லை. கணக்கறிக்கையின் குறிப்புகளில்தான் கடன் கொடுத்தவர் பெயர், வட்டி உண்டா, பங்காக மாற்றும் உரிமை உண்டா என்பது வரும். ஊடகக் கம்பெனியைத் தேடுகிறவர் ‘மாற்றத்தக்க’ என்ற சொல்லைப் பார்த்தால் அந்த இடத்தில் நிற்க வேண்டும். மாற்றத்தக்க கடன் பத்திரம், மாற்றத்தக்க முன்னுரிமைப் பங்கு, வாரண்ட் எல்லாமே நாளைய உரிமையாளரின் பெயரை இன்றைக்கே சொல்பவை.

வேறு இரண்டு தடயங்களும் உதவும். ஒரே முகவரியில் பத்துக் கம்பெனிகள் பதிவாகியிருந்தால் அவை ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருக்க வாய்ப்பு அதிகம். இயக்குநர் ஒவ்வொருவருக்கும் அரசு ஓர் எண் கொடுத்திருக்கிறது. பெயரைவிட அந்த எண்ணைப் பின்தொடர்வது நல்லது, ஒரே பெயரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். அந்த எண் இன்னும் எந்தெந்தக் கம்பெனிகளில் இருக்கிறது என்று பார்த்தால் குழுமத்தின் உருவம் மெல்லத் தெரியத் தொடங்கும். ஆனாலும் இயக்குநர் என்பவர் முதலாளி அல்ல என்பதை மறக்கக் கூடாது. ஆடிட்டரும் மேனேஜரும் இயக்குநராக உட்கார்ந்திருக்கும் கம்பெனிகள் ஏராளம்.

ஆவணங்களின் தேதியையும் பார்க்க வேண்டும். மார்ச் 31-ல் முடியும் கணக்குக்குப் பொதுக்குழுவைச் செப்டம்பருக்குள் கூட்டி, அதிலிருந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்ய அவகாசம் உண்டு. எனவே நவம்பர் மாதம் நாம் பார்க்கும் பங்குதாரர் விவரம் மார்ச் மாதத்து நிலவரமாக இருக்கும். நடுவில் சேனலே கைமாறியிருக்கலாம். இதற்கு ஒரு மாற்று வழி சட்டத்திலேயே இருக்கிறது. கம்பெனிச் சட்டத்தின் 94-ஆவது பிரிவின்படி, பங்குதாரர் பதிவேட்டை வெளியாட்களும் கட்டணம் கட்டிப் பார்வையிடலாம். ஒரு முறை பார்க்க ஐம்பது ரூபாய்க்கு மேல் கேட்கக் கூடாது என்று விதி சொல்கிறது. பதிவு அலுவலகத்துக்கு எழுத்தில் கேட்டு, வேலை நேரத்தில் போய்ப் பார்க்கலாம். இந்த உரிமை இருப்பது பத்திரிகையாளர்களிலேயே பலருக்குத் தெரியாது என்பது எனக்கு வருத்தம்.

சினிமாவுக்கு வந்தால் நிலைமை வேறு. படத்தின் தொடக்கத்தில் வரும் பேனர் பெயர் ஒரு கம்பெனியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ‘சன் பிக்சர்ஸ்’ என்று mca.gov.in தளத்தில் தேடிக் களைத்தவர்கள் இருப்பார்கள். அது தனிக் கம்பெனி இல்லை, சன் டி.வி. நெட்வொர்க்கின் ஒரு பிரிவு. அதன் படச் செலவும் வரவும் சன் டி.வி.யின் கணக்குக்குள்தான் வரும். வேறு பல பேனர்கள் ஒரே மனிதரின் சொந்தத் தொழில். அல்லது இரண்டு மூன்று பேர் சேர்ந்த கூட்டு நிறுவனம். இவை கம்பெனிப் பதிவாளரிடம் இருக்காது. கூட்டு நிறுவனம் என்றால் மாநிலப் பதிவுத்துறையில் உள்ள நிறுவனப் பதிவாளரிடம் பதிவாகியிருக்கலாம். தனி மனிதரின் தொழில் என்றால், பில்லில் அச்சாகியிருக்கும் ஜி.எஸ்.டி. எண்ணை services.gst.gov.in தளத்தில் கொடுத்துப் பார்க்கலாம். வியாபாரப் பெயர் ஒரு வரியிலும் சட்டப்படியான பெயர் இன்னொரு வரியிலும் வரும். தனியார் உரிமையா, கூட்டா, கம்பெனியா என்பதும் தெரிந்துவிடும்.

தியேட்டரில் படம் தொடங்கும் முன் சில நொடிகள் காட்டும் தணிக்கைச் சான்றிதழையும் கவனித்துப் பாருங்கள். அதில் விண்ணப்பித்தவர், தயாரிப்பாளர் என்று இரண்டு தனித்தனி இடங்கள் உண்டு. இரண்டிலும் ஒரே பெயர் இருந்தால் சரி. வேறு வேறாக இருந்தால் ஏன் என்று கேட்கலாம். போஸ்டரில் ‘வழங்கும்’ என்று பெரிய எழுத்தில் இருக்கும் பெயர் பல நேரங்களில் வெளியீட்டாளர் மட்டுமே. படத்தைப் பணம் போட்டு எடுத்தவர் இன்னொருவர்.

படத்தயாரிப்பிலும் என்.டி.டி.வி. கதையின் சாயல் ஒன்று நெடுங்காலமாக உண்டு. கோடம்பாக்கத்தில் படம் ஃபைனான்ஸில் எடுக்கப்படும். ஃபிலிம் சுருள் காலத்தில் ஃபைனான்சியர் பணம் கொடுக்கும்போது லேபிடமிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொள்வார். அவருடைய பாக்கி தீராமல் பிரிண்ட் வெளியே போகாது என்று லேப் அதில் உறுதி கொடுக்கும். அதை லேப் லெட்டர் என்பார்கள். டைட்டிலில் எந்தப் பேனரின் பெயர் இருந்தாலும், ரிலீசுக்கு முந்தைய இரவு படத்தை நிறுத்தும் அதிகாரம் அந்தக் கடிதம் வைத்திருப்பவரிடம் இருந்தது. இன்றைக்கு சுருள் போய்விட்டது. ஃபைனான்சியர் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை கேட்டு நிற்கிறார். ஒரு தயாரிப்பு நிறுவனத்தின் படங்களை எடுத்துக்கொண்டு அதே ஃபைனான்சியரின் பெயர் வழக்குகளில் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்த்தால், அந்தப் பேனரின் மேல் உண்மையில் யாருக்குப் பிடி இருக்கிறது என்பதை ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். நீதிமன்ற ஆணைகள் பொது ஆவணங்கள். தயாரிப்பு நிறுவனங்களைப் பற்றித் தேடுகிறவர்களுக்குக் கம்பெனிப் பதிவாளரைவிட அவைதான் அதிகம் கைகொடுக்கும் என்பது என் எண்ணம்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். மார்ச் முதல் வாரத்து நாளிதழைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாமல் எடுத்து வையுங்கள். படிவம் 4 அச்சாகியிருக்கும் பக்கத்தைத் தேடி, ஒரு சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர்களின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் கம்பெனி ஒன்று இருந்தால் அதன் கணக்கறிக்கையைத் திறந்து, யாரிடம் கடன் வாங்கியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.